ஒரே மனை, இரண்டு கிரயப் பத்திரங்கள்: கேள்வி பதில்

சேலம்: எனக்கு ஜனவரி 10-இல் கிரயப் பத்திரம் எழுதிக் கையெழுத்தானது. மார்ச் 3-இல்தான் பதிந்தோம். இடையில், பிப்ரவரி 5-இல், விற்றவர் அதே மனையை இன்னொருவருக்கு எழுதி அன்றே பதிந்தும் கொடுத்திருக்கிறார். மனை யாருக்கு?

ஜனவரி 10 என்ற தேதி நிலைத்தால் உங்களுக்கு. பதிவுச் சட்டத்தின் 47-ஆவது பிரிவுப்படி, பதிவான பத்திரம் எழுதிக் கையெழுத்திட்ட நாளிலிருந்தே செல்லும். சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 48-ஆவது பிரிவுப்படி, முன்னால் பிறந்த உரிமைக்குப் பின்னால் பிறந்தது கட்டுப்பட்டது. பிப்ரவரி 5-இல் விற்றவர் கையில் விற்க ஒன்றும் மிச்சமில்லை.

எதிர்த்தரப்பு சும்மா இருக்காது. உங்கள் தேதியை முன்தேதியிட்டது என்று சொல்லும். அதனால் நீதிமன்றம் முத்திரைத்தாள் வாங்கிய நாள், பணம் வங்கி வழியாகப் போன நாள், சாட்சிகளின் வாக்குமூலம் ஆகியவற்றைப் பார்க்கும். எழுதிய பத்திரத்தை நான்கு மாதத்துக்குள் பதிவுக்குத் தாக்கல் செய்யுங்கள். தாமதத்துக்கு அபராதம் கட்டிச் சில மாதம் நீட்டிக்க வழி உண்டு, அதை நம்பி இருக்காதீர்கள்.

மதுரை: முதலில் பதிந்தவருக்கே சொத்து என்று எங்கள் ஆவண எழுத்தர் அடித்துச் சொல்கிறாரே?

பாதி சரி. பெரும்பாலும் எழுதுவதும் பதிவதும் ஒரே நாளில் நடப்பதால், அவர் பார்த்தவற்றில் எல்லாம் முதலில் பதிந்தவரே வென்றிருப்பார். இரண்டு நாள்களும் பிரியும்போது அந்த விதி உடைகிறது.

யாழ்ப்பாணம்: எங்கள் ஊரில் நிலைமை வேறாயிற்றே. முந்திப் பதிந்த உறுதிதான் வெல்லும் என்பார்கள்.

நீங்கள் சொல்வது சரி. இலங்கையின் ஆவணப் பதிவுச் சட்டத்தில், பெறுமதி கொடுத்து வாங்கி முந்திப் பதிந்தவருக்கே முன்னுரிமை. மோசடியோ கூட்டுச்சதியோ இருந்தால் மட்டும் விலக்கு. என் பதிலை அங்கே பயன்படுத்தாதீர்கள், உங்கள் ஊர் சட்டத்தரணியைப் பாருங்கள்.

கோவை: பட்டா என் பெயரில் இருக்கிறது. இன்னொருவர் பத்திரம் காட்டுகிறார்.

பட்டா வருவாய்த்துறைப் பதிவேட்டின் குறிப்பு, உரிமையைத் தராது. இரண்டு பத்திரங்களின் தேதியைப் பாருங்கள்.

நாமக்கல்: மின் இணைப்பும் வீட்டு வரியும் என் பெயரில்தானே?

மேலே கோவைக்குச் சொன்னதே உங்களுக்கும். பட்டா, வரி, மின் கட்டணம் பற்றி இனி யாரும் கேட்க வேண்டாம்.

திருச்சி: 8 லட்சம் முன்பணம் கொடுத்துக் கிரய ஒப்பந்தம் போட்டேன், பதியவில்லை. விற்பவர் மனையை வேறொருவருக்குப் பதிந்து கொடுத்துவிட்டார். நான் முந்தியவன் அல்லவா?

முந்தியவர்தான், ஆனால் உங்களிடம் இருப்பது பத்திரம் அல்ல, வாக்குறுதி. ஒப்பந்தம் மனையில் உரிமை தராது, விற்கச் சொல்லி வழக்குப் போடும் வழியைத்தான் தரும். ஆகவே இங்கே கேள்வியே மாறிவிடுகிறது: வாங்கியவருக்கு உங்கள் ஒப்பந்தம் தெரியுமா? தெரியாமல், நல்லெண்ணத்தோடு, பணம் கொடுத்து வாங்கியிருந்தால் குறிப்பிட்ட தீர்வுகள் சட்டத்தின் 19-ஆவது பிரிவு அவரைக் காக்கும். தெரிந்தே வாங்கியிருந்தால், விற்றவரோடு சேர்ந்து அவரும் உங்களுக்குக் கிரயம் எழுதித்தர வேண்டும் என்றே தீர்ப்பு வரும்.

தெரியும் என்பதை எப்படிக் காட்டுவது? மனை அப்போது உங்கள் சுவாதீனத்தில் இருந்ததா? வேலி, கொட்டகை, பயிர் ஏதாவது இருந்தால், விசாரிக்காமல் வாங்கியவருக்கும் அது தெரிந்ததாகவே சட்டம் கொள்ளும். பதிந்த ஒப்பந்தம் என்றால் வில்லங்கச் சான்றிலேயே தெரிந்திருக்கும். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் ஒப்பந்தத்தையும் பதிய வேண்டும். பதியாததை இத்தகைய வழக்கில் சான்றாக ஏற்கலாம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதால் உங்களுக்கு வாசல் மூடவில்லை. ஆனால் கெடு மூன்றாண்டு. மீதிப் பணம் தரத் தயாராக இருந்ததையும் நீங்கள் நிரூபிக்க வேண்டும்.

ஈரோடு: திருச்சிக்காரருக்கு மட்டும் தெரியுமா தெரியாதா என்று கேட்கிறீர்கள். சேலத்தில் பிப்ரவரியில் வாங்கியவரும் ஒன்றும் அறியாதவர்தானே? அவரை மட்டும் கைவிடுவது அநியாயம்.

வருத்தம் எனக்கும் உண்டு. அவருடைய பணத்தை விற்றவரிடம் கேட்கலாம், மோசடிப் புகாரும் கொடுக்கலாம். ஆனால் பத்திரத்துக்கும் பத்திரத்துக்கும் போட்டி என்றால் 48-ஆவது பிரிவு மனநிலையைப் பார்ப்பதில்லை. 19-ஆவது பிரிவு ஒப்பந்தத்துக்கு எதிரான கேடயம் மட்டுமே.

ஈரோடு: அப்படியானால் பதிவேட்டை நம்பி வாங்குகிறவன் என்ன செய்வான்?

பதிவேட்டை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. மனைக்கு நேரில் போங்கள், மூலப் பத்திரத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். எழுதிப் பதியாமல் இருக்கும் பத்திரம் வில்லங்கச் சான்றில் தெரியவே தெரியாது. சட்டம் திருத்தப்பட வேண்டும் என்பதில் உங்களோடு நான் ஒத்துப்போகிறேன்.

சேலம்: இப்போதுதான் கவனித்தேன். முத்திரைத்தாள் பிப்ரவரி 12-இல் வாங்கியது. ஜனவரியில் வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, பிறகு அதையே முத்திரைத்தாளில் எழுதினோம்.

அப்படியானால் என் முதல் பதிலை விட்டுவிடுங்கள். உங்கள் கிரயம் பிப்ரவரி 5-க்குப் பின்னால் பிறந்தது. வெள்ளைத்தாளை ஒப்பந்தமாகக் காட்டலாம், முத்திரைக் குறைவுக்கு அபராதம் கட்ட நேரும். நீதிமன்றம் அதை ஒப்பந்தமாக ஏற்குமா என்பது அதன் வாசகத்தைப் படித்தால்தான் தெரியும். ஏற்றால், நீங்களும் திருச்சிக்காரரின் கேள்விக்கு வந்துவிடுவீர்கள். பிப்ரவரி 5-இல் வாங்கியவர் அதற்கு முன் மனைக்கு வந்தாரா, உங்களை அங்கே பார்த்தாரா என்று விசாரித்து எழுதுங்கள்.