பதில் வராத ஏடிஎம் புகாருக்கு இரண்டாவது மின்னஞ்சலை எப்படி எழுதுவது?

கேள்வி: வேறு வங்கியின் ஏடிஎம்மில் 10,000 ரூபாய் எடுக்கப் போனேன். பணம் வரவில்லை, ஆனால் கணக்கில் கழிந்துவிட்டது. என் வங்கிக்கு நடந்ததையெல்லாம் இரண்டு பக்கத்துக்கு எழுதி அனுப்பினேன். புகார் எண் மட்டும் தானாக வந்தது, அதற்குப் பிறகு சத்தமே இல்லை. முதலில் எழுதியதையே மறுபடி அனுப்பலாமா?

பதில்:

அனுப்ப வேண்டாம். வங்கியொன்றின் புகார்ப் பிரிவில் சில ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அதே நீண்ட கடிதம் புதிய மின்னஞ்சலாக மறுபடி வந்தால், பெரும்பாலும் அது புதிய புகாராகவே பதிவாகும். அதற்கு வேறொரு எண் கிடைக்கும், வேறொருவர் கைக்குப் போகும். பிறகு யாரோ ஒருவர் இரண்டும் ஒன்றுதான் என்று கண்டுபிடித்து ஏதாவது ஒன்றை முடித்துவைப்பார். முடிக்கப்படுவது பழையதாக இருந்துவிட்டால் உங்களுக்குத்தான் நட்டம். வங்கி 30 நாட்களுக்குள் பதில் தரவில்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அந்த 30 நாட்கள் முதல் புகாரின் தேதியிலிருந்து எண்ணப்பட வேண்டியவை.

ஆகவே, புகார் எண்ணோடு உங்களுக்குத் தானாக வந்த அந்த மின்னஞ்சலைத் திறந்து அதற்கே மறுமொழி அனுப்புங்கள். பொருள் வரியில் அந்த எண் எப்படி அச்சாகியிருக்கிறதோ, அடைப்புக்குறி, இடைக்கோடு உட்பட, அப்படியே இருக்கட்டும். பல வங்கிகளின் மென்பொருள் அந்த எழுத்துகளைப் பார்த்துத்தான் கடிதத்தைப் பழைய புகாரோடு சேர்க்கிறது. நீங்கள் சேர்க்க விரும்பும் சொற்களை எண்ணுக்குப் பின்னால் எழுதுங்கள்.

அடுத்து, இரண்டு பக்கத்தை எப்படிச் சுருக்குவது என்பது. வங்கி எதைத் தேடுகிறது என்று தெரிந்தால் எதை வெட்டலாம் என்பதும் தெரிந்துவிடும். ஒவ்வொரு பரிவர்த்தனையையும் ஏடிஎம் இயந்திரம் தனக்குள் ஒரு பதிவேட்டில் எழுதிவைக்கிறது. பணம் வெளியே வராமல் உள்ளேயே தங்கிவிட்டிருந்தால், ஏடிஎம்மை நடத்தும் வங்கி இருப்பைச் சரிபார்க்கும்போது அந்தத் தொகை உபரியாக நிற்கும். உங்கள் புகாரைக் கையாள்பவர் செய்ய வேண்டியது, அந்தப் பதிவேட்டில் உங்களுக்குரிய ஒரே ஒரு வரியைக் கண்டுபிடிக்கச் செய்வதுதான். அதற்கு நாள், நேரம், தொகை, ஏடிஎம் எண், பரிவர்த்தனை எண், அட்டையின் கடைசி நான்கு இலக்கங்கள் ஆகியவை போதும். சீட்டு வராவிட்டாலும் இவற்றில் பெரும்பாலானவை குறுஞ்செய்தியிலோ கணக்கு அறிக்கையிலோ இருக்கும். வரிசையில் எவ்வளவு நேரம் நின்றீர்கள், காவலாளி என்ன சொன்னார், எந்தச் செலவுக்காகப் பணம் தேவைப்பட்டது என்பவை எல்லாம் உண்மையாகவே இருந்தாலும் அந்த வரியைத் தேடித் தராது. அவற்றை அறிய வேண்டியவர் அதே இழையில் கீழே உள்ள முதல் கடிதத்தில் படித்துக்கொள்ளலாம்.

பரிவர்த்தனை மார்ச் 3 அன்றும், முதல் புகார் மார்ச் 5 அன்றும் நடந்ததாகவும், இன்று மார்ச் 18 என்றும் வைத்துக்கொண்டு ஒரு மாதிரி தருகிறேன். எண்கள் எல்லாம் கற்பனை.

> பொருள்: Re: [SR-4471902] ஏடிஎம்மில் பணம் வராமல் 10,000 ரூபாய் கழிந்தது: பதில் இல்லை
>
> ஐயா / அம்மையீர்,
>
> மார்ச் 5 அன்று நான் அனுப்பிய புகாருக்கு (எண் SR-4471902) இன்று, மார்ச் 18 வரை பதில் வரவில்லை.
>
> மார்ச் 3 அன்று மாலை 6.42 மணிக்கு, 2218 என்று முடியும் அட்டையைக் கொண்டு, வேறு வங்கியின் ஏடிஎம்மில் (எண் AB0417) 10,000 ரூபாய் எடுக்க முயன்றேன். பணம் வெளிவரவில்லை; கணக்கில் தொகை கழிந்தது. பரிவர்த்தனை எண் 506218004417.
>
> அந்தத் தொகையையும், ரிசர்வ் வங்கியின் 20.9.2019 தேதியிட்ட சுற்றறிக்கையின்படி மார்ச் 9 முதல் தொகை வரவு வைக்கப்படும் நாள் வரை நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீட்டையும் என் கணக்கில் வரவு வைக்கக் கேட்டுக்கொள்கிறேன். புகார் நிராகரிக்கப்பட்டிருந்தால் காரணத்தை இதே மின்னஞ்சலில் எழுத்து மூலம் தெரிவிக்கவும்.
>
> கணக்கு அறிக்கையின் உரிய பக்கம் இணைப்பில் உள்ளது.

முதல் வரியிலேயே புகாரின் தேதியும் எண்ணும் இன்றைய தேதியும் ஒன்றாக நிற்பதைக் கவனியுங்கள். பிற்பாடு குறைதீர்ப்பாளரிடம் போக நேர்ந்தால் இந்த ஒரு வாக்கியமே உங்கள் தரப்பின் காலவரிசையாகிவிடும். எண் பொருள் வரியில் இருக்கும்போது உள்ளேயும் ஏன் என்றால், கடிதத்தை வேறு பிரிவுக்கு அனுப்புபவர்கள் பொருள் வரியை மாற்றிவிடுவதுண்டு.

மார்ச் 9 என்ற தேதி எங்கிருந்து வந்தது என்பதைச் சற்று விளக்க வேண்டும். அந்தச் சுற்றறிக்கை 2019 அக்டோபர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. கணக்கில் கழிந்து ஏடிஎம்மில் பணம் வராவிட்டால், பரிவர்த்தனை நடந்த நாளுக்குப் பின் 5 நாட்களுக்குள் வங்கி தானாகவே தொகையைத் திருப்பித் தர வேண்டும். தவறினால் அதன் பிறகு தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் என்று அது சொல்கிறது. மார்ச் 3-உடன் 5 நாட்களைக் கூட்டினால் மார்ச் 8 கடைசி நாள். எனவே மார்ச் 9 முதல் 18 வரை 10 நாட்களுக்கு 1,000 ரூபாய் ஏற்கெனவே சேர்ந்துவிட்டது. ஆனாலும் மாதிரியில் அந்தக் கூட்டுத்தொகையை நான் எழுதவில்லை. எழுதினால் அந்த 1,000 ரூபாயை மட்டும் வரவு வைத்துவிட்டுப் புகாரை முடித்துவிடும் வாய்ப்பு உண்டு. 'வரவு வைக்கப்படும் நாள் வரை' என்பது பாதுகாப்பான சொல். இந்த விதி வங்கியைத்தான் கட்டுப்படுத்துகிறது என்பதால், அதை மிரட்டலாக எழுத வேண்டிய அவசியமும் இல்லை. நீதிமன்றம், சமூக ஊடகம் என்ற எச்சரிக்கைகளை நாங்கள் தினமும் படித்தோம், அவற்றால் எந்தக் கோப்பும் வேகமாக நகர்ந்ததாக எனக்கு நினைவில்லை.

கணக்குள்ள வங்கிக்கே எழுதியது சரிதான். ஏடிஎம் யாருடையதாக இருந்தாலும், புகாரை அட்டை கொடுத்த வங்கிதான் ஏற்க வேண்டும். அங்கே போய்க் கேளுங்கள் என்று கிளையில் சொன்னால் ஏற்காதீர்கள். முழு அட்டை எண்ணையும் பின் எண்ணையும் எந்தக் கடிதத்திலும் எழுதாதீர்கள். புகார் எண்ணைச் சமூக ஊடகத்தில் வெளிப்படையாகப் போடவும் வேண்டாம். வங்கியின் பெயரில் போலிக் கணக்கு வைத்திருப்பவர்கள் அதைப் பார்த்துத்தான் உங்களை அழைப்பார்கள்.

இரண்டு விதமான திருப்பங்கள் நேரலாம். அனுப்பிய உடனே புதிய எண் ஒன்று தானாக வந்தால், பழைய புகாரை முடித்துவிட்டார்கள் என்பதன் அறிகுறியாக அது இருக்கக்கூடும். அப்போது ஒரே வரியில், 'SR-4471902 தீர்வின்றி முடிக்கப்பட்டுள்ளது; தொகை வரவாகவில்லை; புதிய எண் அதன் தொடர்ச்சியே' என்று இரு எண்களையும் குறிப்பிட்டு மறுமொழி எழுதுங்கள். மற்றது, 'பரிவர்த்தனை வெற்றிகரமாக நடந்துள்ளது' என்ற ஒற்றை வரிப் பதில். அதற்கு மறுமொழியாக, இயந்திரப் பதிவேட்டின் நகலையும் அன்றைய இருப்புச் சரிபார்ப்பின் விவரத்தையும் கேளுங்கள். கண்காணிப்புக் கேமராப் பதிவையும் பாதுகாத்துவைக்கக் கோருங்கள்; அது சில காலத்துக்குப் பிறகு அழிந்துவிடும் என்பதால் அதை மட்டும் தள்ளிப்போடக் கூடாது.

ஏப்ரல் 4 வரை எந்தப் பதிலும் வராவிட்டால், அதற்குப் பிறகு cms.rbi.org.in தளத்தில் குறைதீர்ப்பாளரிடம் புகாரைப் பதிவு செய்யலாம். புகார் எண் தாங்கி வந்த முதல் மின்னஞ்சலையும் இந்த இரண்டாவது கடிதத்தையும் அங்கே இணைத்துவிடுங்கள்.