கருத்து, சான்று, விளக்கம்: பத்தி யந்திரத்தனமாக ஒலிப்பது ஏன்?

"இலக்கியக் கட்டுரையில் கருத்து, சான்று, விளக்கம் என்று வரிசையாகத்தான் எழுதுகிறேன். படித்தால் படிவம் நிரப்பியது போல இருக்கிறது, ஏன்?"

கருத்து என்பது நீங்கள் சொல்ல வருவது. சான்று, பாடலிலிருந்து எடுத்த சொற்கள். அந்தச் சொற்கள் எப்படி அந்தக் கருத்தைத் தருகின்றன என்று காட்டுவது விளக்கம். பெரும்பாலும் சிக்கல் விளக்கத்தில்தான்.

குறுந்தொகை 40-ஆம் பாடலை எடுத்துக்கொள்வோம். "இப்பாடல் காதலின் சிறப்பைக் கூறுகிறது" என்று தொடங்கி, பாடல் முழுவதையும் எழுதி, "இதன் மூலம் காதல் சிறப்பானது என அறிகிறோம்" என்று முடிப்பார்கள். முதல் வரியே திரும்பி வந்துவிட்டது. யாரும் மறுக்க முடியாத கருத்தை எடுத்தால் விளக்க ஒன்றும் மிஞ்சாது.

இப்படி எழுதிப் பாருங்கள்: "இந்தக் காதலுக்கு முன்கதை இல்லை. உன் தாயும் என் தாயும் யார், தந்தையர் எந்த வகையில் உறவு என்று தலைவன் அடுக்கும் கேள்விகளுக்குப் பதில், உறவில்லை என்பதே. அப்புறம்தான் 'செம்புலப் பெயல்நீர்' வருகிறது. வானிலிருந்து விழும்வரை மழைக்கும் மண்ணுக்கும் தொடர்பில்லை. விழுந்ததும் நீர் சிவக்கிறது."

இதில் சான்று இரண்டே சொல். நிறம் மாறுவதைச் சொன்ன இடம்தான் விளக்கம். நன்றாகப் பூத்தொடுப்பவர்கள் நாரை வெளியே தெரிய விடமாட்டார்கள். "இதற்குச் சான்றாக", "இதன் மூலம்" என்பவை வெளியே தெரியும் நார்.

கருத்துதான் முதலில் வர வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி விதி இல்லை, மேற்கோளில் தொடங்கிக் கருத்துக்கு வந்தாலும் சரிதான்.