முட்டியின் வெளிப்பக்கமா, சில்லுக்குக் கீழா? ஓடுபவர்களின் கேள்விகளுக்கு ஒரு பிசியோவின் பதில்கள்

"சரியா 4 கிலோமீட்டர் ஆனதும் வலது முட்டியோட வெளிப்பக்கம் சுரீர்னு பிடிக்குது. மூணு வாரம் ஓடாம இருந்துட்டு திரும்ப ஆரம்பிச்சா, அதே 4 கிலோமீட்டர்!"

தூரம் மாறாமல் இருப்பதே ஐடி பேண்டைக் காட்டிக்கொடுக்கிறது, அதாவது இடுப்பிலிருந்து தொடையின் வெளிப்பக்கமாக முட்டிக்குக் கீழே வரை ஓடும் பட்டையை. முட்டி ஏறக்குறைய 30 பாகை மடங்கும்போது அந்தப் பட்டை அடியிலுள்ள திசுவை எலும்போடு சேர்த்து அழுத்துகிறது. ஓய்வில் வலி அடங்கும், இடுப்புத் தசைக்குப் பலம் வராது. அதனால் 3 கிலோமீட்டரில் நிறுத்துங்கள், ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓடுங்கள். இரண்டு ஓட்டம் வலியில்லாமல் முடிந்தால் அரை கிலோமீட்டர் கூட்டுங்கள். இறக்கமான பாதை இப்போதைக்கு வேண்டாம். ஓடாத நாளில் ஒருக்களித்துப் படுத்துக் காலைத் தூக்குவதும், படியிலிருந்து ஒற்றைக் காலில் மெதுவாக இறங்குவதும் போதும். இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாய்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள்.

"நான் தினமும் ஃபோம் ரோலர்ல அந்தப் பட்டையை உருட்டுறேன். நீண்டுட்டா சரியாயிடும்தானே?"

உருட்டினால் கொஞ்ச நேரம் இதமாக இருக்கும், அது உண்மை. ஆனால் தொடை எலும்போடு பிணைந்த தடித்த பட்டை அது, உருட்டி நீளாது. வலிக்கும் இடத்தின் மேலேயே உருட்டினால் நசுங்கிய திசுவைத்தான் மேலும் நசுக்குகிறீர்கள். பிட்டத்துத் தசையை உருட்டுங்கள்.

"எனக்கும் இதேதான் சார். ஆனா சில்லுக்குக் கீழே, ஒரு விரல் வைக்கிற இடத்துல. ஓட ஆரம்பிச்சா போயிடும், மறுநாள் படி இறங்கும்போது வலிக்கும்."

இதே இல்லை, உங்களுடையது முட்டிச் சில்லைக் கீழ்க்கால் எலும்போடு இணைக்கும் தசைநாணின் வலி மாதிரி தெரிகிறது. இதற்குத் தூரத்தைக் குறைத்தால் மட்டும் போதாது, பாரம் ஏற்ற வேண்டும்.

என்னிடம் வந்த ஒருவர் முதலில் லெக் எக்ஸ்டென்ஷன் இயந்திரத்தில் காலை அசைக்காமல் 45 வினாடி பிடித்தார். ஐந்து முறை, நடுவே இரண்டு நிமிட ஓய்வு. பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் கனமான லெக் பிரஸ், ஏற 3 வினாடி, இறங்க 3 வினாடி. தினமும் காலையில் சாய்வுப் பலகையில் ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழுந்து வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போடுவார். ஆறாவது வாரம் ஆர்வத்தில் இரண்டு நாள் தொடர்ந்து ஸ்கிப்பிங் செய்தார். 2 ஆக இருந்த மதிப்பெண் மறுநாள் காலை 6. தாவலை நிறுத்தி லெக் பிரஸுக்குத் திரும்பினோம். பிறகு மூன்று நாளுக்கு ஒரு முறைதான் ஸ்கிப்பிங். தாவல் செய்தபோது அல்ல, மறுநாள் காலைதான் தசைநாண் பதில் சொல்லும்.

"வலியோட செய்யக்கூடாதுன்னு எங்க டாக்டர் சொல்றாரே?"

ஐடி பேண்டுக்கு அவர் சொல்வதே சரி. தசைநாணுக்குப் பத்தில் 3 வரை நான் விடுகிறேன், மறுநாள் காலை பழைய அளவுக்கு இறங்கியிருந்தால். 5 வரை விடும் பிசியோக்களும் உண்டு. எங்களுக்குள் இன்னும் ஒத்துப்போகவில்லை.