“வரலடா” என்று சொல்லப் பழக்குவது: கேள்வி பதில்

கேள்வி (மண்டபம்): பையன் ஏழாவது படிக்கிறான். தனியா படகு கட்டுற ஜெட்டிப் பக்கமே போக மாட்டான். கூட்டாளிங்க கூப்பிட்டா மேலேயிருந்து கடல்ல குதிச்சிடுறான். மறுத்துப் பேச எப்படிப் பழக்குறது டீச்சர்?

பதில்: இந்த வயதில் பார்க்க ஆள் இருந்தால்தான் துணிச்சல் கூடும். 2005-இல் கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்ற ஆய்வாளர்கள் கணினியில் கார் ஓட்டவிட்டுப் பார்த்தார்கள். 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள், நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது தனியாக ஓட்டியதைவிட அதிகம் துணிந்தார்கள். 24 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை. அதனால் ஆபத்தை விளக்கிக்கொண்டே இருக்காதீர்கள். அது அவனுக்குத் தெரியும்.

நடித்துப் பாருங்கள். நீங்கள்தான் கூட்டாளி.

“வாடா, குதிப்போம்.”
“அம்மா திட்டும்டா.”
“அம்மாகிட்ட யாரு சொல்லப்போறா?”

அங்கேயே மாட்டிக்கொண்டான். காரணம் சொன்னால் எதிர்க்காரணம் வரும். நிறுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள்.

“வரலடா.”
“பயந்தாங்கொள்ளி!”
“இருந்துட்டுப் போறேன். வரல. பந்து எடுத்துட்டு வாரேன், கரையில ஆடுவோம்.”

சொல்லும்போதே கால் நகர வேண்டும். நின்றால் இன்னொரு முறை இழுப்பார்கள். அண்ணன், சித்தப்பா மகன் என்று இரண்டு பேரை உட்காரவைத்துக் கேலியாகச் சிரிக்கச் சொல்லுங்கள். சிரிப்பு இல்லாமல் பழகினால் ஜெட்டியில் உதவாது. அவன் குரல் இறங்குகிறதா, கண் தரைக்குப் போகிறதா? இன்னும் பழகவில்லை.

கேள்வி (தொண்டி, ஆசிரியர்): வகுப்பில் நாடகமாகவே செய்தோம். எல்லாரும் அழகாக மறுத்தார்கள். மறுவாரமே பழையபடிதான். ஏன்?

பதில்: வற்புறுத்தும் வேடம் யாருக்குக் கொடுத்தீர்கள் சார்? வகுப்பின் சேட்டைக்காரனுக்குத்தானே? அவன் இழுக்கப் பழகினான்; கைதட்டலும் வாங்கினான். அந்த வேடம் எப்போதும் பெரியவருக்குத்தான். இன்னொன்று, ஒரு பீரியடில் வராது. அவ்வப்போது திரும்பச் செய்யவேண்டும்.

கேள்வி (கீழக்கரை): மகள் பத்தாவது. தோழிகள் எடுக்கிற குரூப்பைத்தான் எடுப்பேன் என்கிறாள்.

பதில்: இது வேறு விஷயம். பள்ளியில் பேசுங்கள்.

கேள்வி (தேவிபட்டினம்): சேர்க்கையை வெட்டிவிட்டால் போதாதா?

பதில்: இதே கேள்வி மூன்றாவது தடவை வருகிறது. ஒரே தெரு, ஒரே பள்ளி, எங்கே வெட்டுவீர்கள்? மறுக்கத்தான் பழக்கவேண்டும். நடிக்கும்போது வற்புறுத்தும் வேடத்தைப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள், அதை மட்டும் பாருங்கள்.

கேள்வி (பாம்பன்): நாங்கள்லாம் பத்து வயசுல குதிச்சவங்கதான். இப்படிப் பழக்குனா நாளைக்கு வள்ளத்துல ஏறுவானா?

பதில்: அண்ணே, உங்களோடு யார் இருந்தார்கள்?

பாம்பன்: அப்பா. நீரோட்டம் பார்த்துத்தான் விடுவாரு.

பதில்: அதைத்தான் சொல்கிறேன். இவர்களுக்கு நீரோட்டம் பார்க்க ஆளில்லை, சிரிக்கத்தான் ஆளிருக்கிறது.

பாம்பன்: அப்பன் கடல்ல கிடந்தா யாரு பாக்குறது? அதைச் சொல்லுங்க.

பதில்: அது நியாயமான கேள்வி. நடித்துப் பழகினால் அதற்கு விடை கிடைக்காது.

மண்டபம்: டீச்சர், எங்க வீட்ல அண்ணனே குதிக்கிறவன்தான். அவனை உட்கார வைக்கலாமா?

பதில்: வேண்டாம். சித்தப்பா மகனைக் கூப்பிடுங்கள்.