ஆசிட் அடித்த கல்லா, மழையில் தேய்ந்த கல்லா: பணத்தைத் திரும்ப வாங்க எதை நிரூபிக்கணும்?

கேள்வி: வீட்டுத் தோட்டத்தில் வைக்க ஒரு கருங்கல் யாளியும், செதுக்கிய தூண் துண்டு ஒன்றும் 4,20,000 ரூபாய்க்கு வாங்கினேன். "நாயக்கர் காலத்துக் கல், 300 வருஷப் பழசு" என்று கடைக்காரர் வாட்ஸ்ஆப்பில் எழுதியிருக்கிறார். பில்லில் "பழைய கல் சிற்பம் 2" என்று மட்டும் இருக்கிறது. தெரிந்த ஸ்தபதி ஒருவர் பார்த்துவிட்டு, இது ஆசிட் ஊற்றி மண்ணில் புதைத்து எடுத்தது என்கிறார். கடைக்காரரோ இயற்கையாகத் தேய்ந்ததுதான் என்று சாதிக்கிறார். வாங்கி 7 மாதம் ஆகிறது. பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் "ஆசிட் பட்டிருக்கிறது" என்பதை மட்டும் வைத்து வழக்கு போடாதீர்கள், அங்கேதான் பலர் தோற்கிறார்கள். உண்மையிலேயே பழைய கல்லையும் பாசி போக்குவதற்காக ஆசிட் ஊற்றிக் கழுவியிருக்கலாம், அதனால் ஆசிட் தடம் இருந்தால் புதுசு என்று ஆகிவிடாது. அதேபோல 30 வருஷம் மழையில் நின்ற கல்லும் தேய்ந்துதான் இருக்கும், அதை வைத்து 300 வருஷம் என்றும் சொல்ல முடியாது.

கல் என்ன சொல்கிறது என்று பாருங்கள். கருங்கல் மழையில் கிடந்தால் அதிலுள்ள ஃபெல்ட்ஸ்பாரும் மைக்காவும் முதலில் உதிரும், குவார்ட்ஸ் மணிகள் துருத்தி நிற்கும், விரலால் தடவினால் நறநறவென்று இருக்கும். மழை நேராக விழும் தலைப்பக்கம் அதிகமாகவும், யாளியின் தாடைக்கு அடியில் குறைவாகவும் தேய்ந்திருக்கும். கடையில் கிடைக்கும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் சுண்ணாம்புக் கல்லைக் கரைப்பதுபோல கருங்கல்லைக் கரைப்பதில்லை. இரும்புச் சத்தை இழுத்துத் துரு நிற மஞ்சளை வெளியே கொண்டுவரும், அது வழிந்த இடத்திலும் குழிகளிலும் தேங்கி நிற்கும். கல்லுக்கு மேல்பக்கம், அடிப்பக்கம் என்ற வித்தியாசமே இல்லாமல் எல்லா இடமும் ஒரே மாதிரி மங்கியிருந்தால் சந்தேகப்படலாம். தூண் துண்டில் உடைந்த முகத்தைக் கட்டாயம் பாருங்கள். தூண் உடைந்து வெகுகாலம் ஆகிவிட்டது என்று கடைக்காரர் சொன்னால், அந்த உடைந்த முகமும் வெகுகாலம் வெயில் மழை பார்த்திருக்க வேண்டும். அது புதுசாகப் பளிச்சென்று இருந்தாலோ, அடியில் அறுக்கும் பிளேடின் இணைகோடுகள் தெரிந்தாலோ அவர் கதையோடு அது ஒட்டாது.

இதையெல்லாம் கண்ணால் மட்டும் பாருங்கள். கழுவாதீர்கள், சுரண்டிப் பார்க்க யாரையும் விடாதீர்கள், செதுக்கின் இடுக்கில் இருக்கும் மண்கூட உங்கள் சாட்சி. "மாற்றித் தருகிறேன்" என்று கேட்டாலும் கல்லைக் கடைக்குத் திருப்பி அனுப்பாதீர்கள். எல்லாப் பக்கமும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். பரிசோதனை தேவைப்பட்டால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவின் கீழ் நுகர்வோர் ஆணையமே மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். கல்லில் ஒரு சின்னத் துண்டை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்தால், மேற்பரப்புக்குக் கீழே தாதுக்கள் எவ்வளவு ஆழம் சிதைந்திருக்கின்றன என்று தெரியும்.

இப்போது சட்டப்பக்கம். உங்கள் வழக்கின் முதுகெலும்பு அந்த வாட்ஸ்ஆப் செய்திதான். சொன்ன வர்ணனைக்குப் பொருந்தாத பொருளை விற்பது பொருள் விற்பனைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுக்கு முரண், பொய் என்று தெரிந்தே சொல்லியிருந்தால் ஒப்பந்தச் சட்டத்தின் 17, 19-ஆம் பிரிவுகள்படி விற்பனையையே ரத்து செய்யக் கேட்கலாம். போனை மாற்றாதீர்கள்; அந்தச் செய்தியைத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாக்ஷ்ய சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் கூடவே வேண்டும்.

முதலில் 15 நாள் அவகாசம் கொடுத்து வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். அதில் "பணம் தராவிட்டால் போலீசுக்குப் போவேன்" என்று எழுதவே எழுதாதீர்கள், மிரட்டிப் பணம் கேட்டதாக அவர் திருப்பிப் போடுவார். 1972 தொல்பொருள் சட்டப்படி 100 வருஷம் ஆன சிற்பம் தொல்பொருள், அதை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும், கற்சிற்பம் என்றால் பதிவுச் சான்றும் வேண்டும். அந்த இரண்டின் நகலையும் நோட்டீஸில் கேளுங்கள். "பழசுதான்" என்று எழுத்தில் பதில் கொடுத்தால் உரிமத்தைக் காட்டியாக வேண்டும், அதனால் பெரும்பாலும் "அலங்காரப் பொருளாகத்தான் விற்றேன்" என்றுதான் பதில் வரும். அந்தப் பதிலும் வாட்ஸ்ஆப் செய்தியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் உங்களுக்கு வேறு ஆதாரம் அதிகம் தேவைப்படாது.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். 5 லட்சத்துக்குள் கட்டணம் இல்லை. கெடு 2 வருஷம், 7 மாதம் போய்விட்டது, இழுக்காதீர்கள்.

அவர் "நிஜமாகவே பழசு" என்று நின்றால்? அப்போது அதே தொல்பொருள் சட்டத்தின் 24-ஆம் பிரிவுப்படி இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநரோ, அவர் அதிகாரம் அளித்த அதிகாரியோ எடுக்கும் முடிவே இறுதி. சென்னை வட்ட அலுவலகம் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் இருக்கிறது, அங்கே எழுதிக் கேளுங்கள். பழசு என்றே முடிவானால் அந்தத் தூண் எந்தக் கோயிலில் இருந்து வந்தது என்ற கேள்வி எழும். திருட்டுப் பொருள் என்றால் நல்லெண்ணத்தில் வாங்கியவருக்கும் உரிமை வராது. அதனால் கடைக்காரரோடு ரகசியமாகப் பேசி முடித்துக் கல்லைக் கைமாற்றிவிடாமல், சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு நீங்களே எழுத்தில் தெரிவித்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். பணத்துக்கான வழக்கு கடைக்காரர் மேல் அப்போதும் நிற்கும்.