வெள்ளி ராத்திரி பஸ், எல்லவில் ரெண்டு நாள்: கேள்வி பதில்

அண்ணா, கொழும்பில கெம்பஸ். வெள்ளி ராத்திரி ஏறி, திங்கள் காலை லெக்சருக்கு நிக்கணும். எத்தனை மணி பஸ் எடுக்கிறது?

பதினொரு மணிக்குப் பிறகு புறக்கோட்டையில் எடுக்கிற பதுளை பஸ். முந்திப் போனா நல்லதுன்னுதான் எல்லாருக்கும் தோணும், அங்கதான் காசு போகுது. இரத்தினபுரி, பலாங்கொடை, பெரகலை வழியா ராத்திரியில் ஆறேழு மணித்தியாலம். எட்டரைக்கு ஏறினா மூணு மணிக்கு இருட்டில் இறங்குவீங்க. ஒரு தடவை மூணு பொடியன்கள் பண்டாரவளை ஸ்டாண்டில் ஒரே பெட்ஷீட்டைப் போர்த்திக்கிட்டு நடுங்கினதைப் பார்த்தேன். விடியும் வரைக்கும் பொறுக்க முடியாம ரூம் எடுத்தாங்க. பஸ்ஸில் மிச்சம் பிடிச்சது அதோட சரி.

பண்டாரவளையிலேயே இறங்குங்க. ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் ரொட்டியும் கட்டசம்பலும் ஊர் விலைக்குக் கிடைக்கும், எல்லவில் அதுக்கே டூரிஸ்ட் விலை. பிறகு எல்ல பஸ், அரை மணித்தியாலம். ஹொஸ்டல்ல கட்டில் பகல் ரெண்டு மணிக்குத்தான் தருவாங்க, பேக்கை மட்டும் காலையில் வைக்கலாமான்னு முந்தின நாளே போன் எடுத்துக் கேளுங்க. வச்சிட்டு பசறை ரோட்டில் நடந்தா சின்னச் சிவனொளிபாதமலை. தேயிலைக்குள்ள பாதை, கடைசியில் படி, டிக்கட் இல்லை. இறங்கி அதே பக்கமா ஒன்பது வளைவுப் பாலம், அதுவும் இலவசம். 1921இல் கட்டினது, இரும்பே இல்லாம கல்லும் செங்கல்லும்தான். ரயில் பாதையில் நடந்து போகாதீங்க, வளைவில் ரயில் சத்தம் பிந்தித்தான் கேட்கும்.

ஞாயிறு வெல்லவாய பஸ்ஸில் ராவணா நீர்வீழ்ச்சி. பாருங்க, இறங்கிக் குளிக்காதீங்க. திரும்பிப் போற பஸ் பதுளையிலேயே நிறைஞ்சு வரும், சனியே சீட் பிடிச்சு வைங்க.

சுவெட்டரை மடியில் வைங்க, டிக்கியில் போடாதீங்க.

நான் யாழ்ப்பாணம் அண்ணை. எனக்கும் உதே கணக்குச் சரிவருமோ?

வராது தங்கச்சி. கண்டி வரைக்கும் இரவு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். எல்ல வர சனி பின்னேரம் ஆகிடும். திங்களோ வெள்ளியோ போயா வர்ற வாரமாப் பாருங்க, ஆனா அப்ப எல்லாப் பஸ்ஸும் நிறைஞ்சிருக்கும்.

பஸ் எதுக்கு? நைட் மெயில் மூணாம் வகுப்பு அதைவிட மலிவு.

மலிவுதான். சீட் கிடைச்சா நானும் அதைத்தான் சொல்லுவேன். கிடைக்காட்டி கக்கூஸ் வாசல்ல விடியும் வரைக்கும் நிக்கணும், மறுநாள் மலை ஏற காலிருக்காது. மழைக்கு மண் சரிஞ்சா முதலில் நிக்கிறதும் ரயில்தான்.

எல்லவில் ஒரு ஹொஸ்டல்ல "ஃபொரினர்ஸ் மட்டும்" எண்டு திருப்பி அனுப்பிட்டாங்க. ஐடென்டிட்டி கார்டு காட்டினதும் முகம் மாறிச்சு.

எனக்கும் நடந்திருக்கு, என் சொந்த ஊர் பக்கத்திலேயே. வாசல்ல சண்டை பிடிச்சுப் பிரயோசனம் இல்லை. புக் பண்ண முந்தி "நாங்க உள்ளூர் ஸ்டூடன்ட்ஸ், எடுப்பீங்களா?"ன்னு எழுத்தில் கேட்டு, பதிலை ஸ்கிரீன்ஷொட் எடுங்க.

இது சட்டவிரோதம். அரசியலமைப்பு 12(3) ஹோட்டலுக்குள்ள போறதைத் தடுக்கக்கூடாது எண்டு சொல்லுது. நான் சட்டம் படிக்கிறேன்.

பாதி சரி. அந்தப் பிரிவு ஹோட்டலைச் சொல்லுது. ஆனா இனம், மதம், மொழி, சாதி, பால் காரணமாத் தடுக்கக் கூடாதுன்னுதான் எழுதியிருக்கு. உள்ளூர்க்காரன், வெளிநாட்டுக்காரன் அந்தப் பட்டியலில் எங்க இருக்கு?

நான் ஒரு ஹொஸ்டல்ல வேலை செஞ்சேன். ஆறு பேர் ரூம்ல பத்துப் பேர் படுத்து, விடிய விடியப் பாட்டுப் போட்டா மத்தவங்க எங்களுக்குத்தான் ஒரு ஸ்டார் போடுறாங்க.

அப்ப பாட்டை நிப்பாட்டுங்க, ஆளை ஏன் நிப்பாட்டுறீங்க? வெள்ளைக்காரர் பாட்டே போட்டதில்லையா?

"மொழி காரணமாக" எண்டு வாதாடலாம் அண்ணா.

வாதாடுங்க தம்பி, ஜெயிச்சா சொல்லுங்க. அது வரைக்கும் பண்டாரவளையில் குடும்பம் நடத்துற சின்ன விடுதி ரூமை மூணு பேர் பங்கு போட்டா ஹொஸ்டல் கட்டில் விலைதான் வரும், யாரும் முகம் சுளிக்க மாட்டாங்க.

எத்தனை மணி பஸ் நல்லம்?

முதல் பதில்.

ஏசி பஸ் எத்தனை மணிக்கு?

முதல் பதில். ஏசி கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு காசு, மலைக் குளிரோட ஏசிக் குளிரும் சேரும். சுவெட்டர் மடியில். டிக்கட் விலைக்கு மேல காசு கேட்டா போக்குவரத்து ஆணைக்குழுவோட 1955 நம்பருக்குப் போன் எடுங்க.

சிவனொளிபாதமலைக்குப் போனா கட்டில் காசே இல்லையே, ராத்திரி முழுக்க ஏறுறதுதானே?

நல்ல யோசனை, டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் வரைக்கும். மத்த மாசத்தில் படிக்கு லைட் இல்லை, தேத்தண்ணிக் கடையும் இல்லை.

மனுசியும் ரெண்டு பிள்ளைகளும், வேன் எடுக்கவா?

இது ஸ்டூடன்ட் பிளான் ஐயா. வேன்தான் எடுங்க.

ஒக்டோபர் கடைசி வாரம் வரலாமா?

நுவரெலியாப் பக்கம் ஜூன், ஜூலையில் நனையும், ஊவாப் பக்கம் அப்ப காய்ஞ்சிருக்கும். எங்களுக்கு மழை ஒக்டோபருக்குப் பிறகுதான். அதனால வெள்ளிக்கிழமை பின்னேரம் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தோட மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்க. பதுளை மாவட்டம் அதில் இருந்தா பஸ் ஓடினாலும் ஏறாதீங்க. பெரகலைக்கு மேல ராத்திரியில் பாதை அடைபட்டா திரும்ப இடமில்லை, விடியும் வரைக்கும் பஸ்ஸுக்குள்ளதான் இருக்கணும்.