டிஃபெண்டர் பிடித்த கோப்பு: வாசகர் கேள்விகள்

கிட்ஹப்பில் இருந்து பிடிஎஃப் கோப்புகளை இணைக்கும் சின்ன டூல் ஒன்றை இறக்கினேன். டிஃபெண்டர் `Trojan:Win32/Wacatac.B!ml` என்று சொல்லி அதைக் குவாரண்டைனில் போட்டுவிட்டது. எழுதியவர் "பொய் எச்சரிக்கைதான்" என்கிறார். நம்பலாமா? (கோவை வாசகர்)

பெயரை முழுதாக எழுதி அனுப்பியிருக்கிறீர்கள், பாதி வேலை முடிந்தது. அதன் வாலில் இருக்கும் `!ml`தான் முக்கியம். தெரிந்த வைரஸ் ஒன்றோடு கோப்பு அப்படியே பொருந்தியது என்று அதற்குப் பொருள் இல்லை. மெஷின் லேர்னிங் மாடல் சாயலைப் பார்த்துச் சந்தேகப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

சந்தேகத்துக்குக் காரணமும் உண்டு. நீங்கள் அனுப்பிய இணைப்பைப் பார்த்தேன். அது பைத்தானில் எழுதி, பைஇன்ஸ்டாலரால் ஒரே exe ஆகச் சுருட்டிய நிரல். அப்படிச் சுருட்டும்போது exe-யின் முன்பகுதி யார் செய்தாலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். பாஸ்வேர்டு திருடும் நிரல் எழுதுகிறவர்களும் அதே பைஇன்ஸ்டாலரைத்தான் எடுக்கிறார்கள். நல்லவனும் கெட்டவனும் ஒரே சட்டை போட்டால் காவலர் இரண்டு பேரையும் நிறுத்தத்தான் செய்வார்.

ஆனால் `!ml` இருந்தாலே பொய் எச்சரிக்கை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நிஜமான திருட்டு நிரல்களும் இதே பெயரில்தான் அடிக்கடி மாட்டுகின்றன. கோப்பு குவாரண்டைனிலேயே இருக்கட்டும். அங்கே இருக்கும்வரை அது ஓடாது, உங்களுக்கும் அவசரம் இல்லை.

அதை வெளியே எடுக்காமலே சோதிக்கலாம். கிட்ஹப் வெளியீட்டுப் பக்கத்தில் கோப்பின் பெயருக்குப் பக்கத்தில் sha256 என்று, கோப்பின் கைரேகை மாதிரி, நீளமான எண் இருந்தால் காப்பி செய்து, பல ஆன்டிவைரஸ்களை வைத்துக் கோப்பைச் சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தின் தேடலில் ஒட்டுங்கள். யாராவது ஏற்கெனவே ஏற்றியிருந்தால் முடிவு வந்துவிடும். அப்புறம் அந்த டூலின் மூல நிரலும் பழைய பதிப்புகளும் எத்தனை மாதமாக அங்கே இருக்கின்றன என்று பாருங்கள். போன வாரம் முளைத்த கணக்கு, மூல நிரலே இல்லாமல் வெறும் exe என்றால் அழித்துவிடுங்கள். உங்களுடையது மூன்று வருடத்துக்கு மேலாக நடக்கும் திட்டம், மூல நிரல் முழுதும் திறந்து கிடக்கிறது. அதனால் பொய் எச்சரிக்கையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

டிஃபெண்டரை அப்டேட் செய்துவிட்டு நாளை மறுபடி இறக்கிப் பாருங்கள். அப்போதும் பிடித்தால், மைக்ரோசாஃப்டின் கோப்புச் சமர்ப்பிப்புப் பக்கத்தில் கொடுக்கச் சொல்லி எழுதியவரிடம் கேளுங்கள். அது அவர் செய்ய வேண்டிய வேலை.

இன்ஸ்டால் செய்யப் போனால் நீல நிறத்தில் "Windows protected your PC" என்று வருகிறது. வைரஸா? (தஞ்சாவூர் வாசகி)

வைரஸ் என்று அது சொல்லவில்லை. அது விண்டோஸின் ஸ்மார்ட்ஸ்கிரீன். இந்தக் கோப்பை இதுவரை அதிகம் பேர் இறக்கவில்லை, எனக்கு இதைத் தெரியாது என்கிறது. புதுப் பதிப்பு வந்த முதல் சில நாள் சின்ன நிறுவனங்களுக்கெல்லாம் இது நடக்கும். எங்கிருந்து இறக்கினீர்கள் என்பதை மட்டும் சரிபாருங்கள்.

ஒரு ஃபைல் வைரஸ் என்று காட்டுகிறது. ஓப்பன் செய்யலாமா? உடனே பதில் வேண்டும். (ஊர் பெயர் இல்லை)

என்ன ஃபைல், எந்த ஆன்டிவைரஸ், என்ன பெயர் காட்டியது, எங்கிருந்து இறக்கியது? நான்கில் ஒன்றுகூட இல்லை. இது தெரியாமல் யார் "திறக்கலாம்" என்று சொன்னாலும் கேட்காதீர்கள். கோப்பு குவாரண்டைனிலேயே இருக்கட்டும்.

வைரஸ்டோட்டலில் 70-க்கு 6 சிவப்பு. மீதி எல்லாம் பச்சை. பெரும்பான்மையை எடுத்துக்கொள்ளலாமா? (சேலம் வாசகர்)

இது தேர்தல் இல்லை, எண்ணிக்கையை வைத்து ஜெயிக்க முடியாது. பிட்டிஃபெண்டரின் எஞ்சினையே வாங்கிப் பயன்படுத்தும் நிறுவனங்கள் பல உண்டு. ஆறு வரியில் நான்கில் ஒரே பெயர் எழுத்து மாறாமல் இருந்தால் அது நான்கு பேர் சொன்னதில்லை, ஒருவர் சொன்னது. `Generic`, `Heur`, `Suspicious` மாதிரி பெயர்கள் என்றால் சாயல் பார்த்துச் சொன்னவை. ஒரு குறிப்பிட்ட திருட்டு நிரலின் பெயரை, தனித்தனி எஞ்சின் வைத்திருக்கும் இரண்டு நிறுவனங்கள் சொன்னால் அந்த இரண்டே எனக்குப் போதும், அழித்துவிடுவேன். இன்னொன்று: கணக்கு வழக்கு, வாடிக்கையாளர் விவரம் உள்ள கோப்புகளை அங்கே ஏற்றாதீர்கள். ஏற்றியதைச் சந்தாதாரர்கள் இறக்கிப் பார்க்க முடியும்.

கடையில் பில்லிங் சாஃப்ட்வேர் அப்டேட் செய்ததும் ஆன்டிவைரஸ் பிடிக்கிறது. விற்றவர் "ஆன்டிவைரஸை ஆஃப் செய்யுங்கள், இல்லாவிட்டால் டி டிரைவ் முழுவதையும் எக்ஸ்க்ளூஷனில் போடுங்கள்" என்கிறார். ஐந்து வருடமாக ஓடுகிறது, டிஜிட்டல் கையொப்பமும் இருக்கிறது. பொய் எச்சரிக்கைதானே? (விருதுநகர் வாசகர்)

இந்த ஒரு பேச்சைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். போகிற கடைகளில் எல்லாம் இதைப் பார்க்கிறேன். ஒரு exe-க்காக ஒரு டிரைவையே திறந்து விட்டிருப்பார்கள். அதே டிரைவில்தான் டவுன்லோடு ஃபோல்டர், வாட்ஸப்பில் வந்த ஜிப், பையன் போட்ட கேம் எல்லாம் கிடக்கும். இனி அங்கே எது வந்து விழுந்தாலும் டிஃபெண்டர் திரும்பிக்கூடப் பார்க்காது. விற்றவருக்கு ஒரு போன் அழைப்பு மிச்சம், ஆபத்து முழுக்க உங்களுக்கு.

"ஐந்து வருடமாக ஓடுகிறது, கையொப்பம் இருக்கிறது" என்பதற்கு வருகிறேன். 2023 மார்ச்சில் 3சிஎக்ஸ் என்ற அலுவலகத் தொலைபேசி மென்பொருளின் டெஸ்க்டாப் செயலியை ஒரு பாதுகாப்பு மென்பொருள் திடீரென்று தடுக்க ஆரம்பித்தது. முறையான அப்டேட், நிறுவனத்தின் சொந்தக் கையொப்பம், மற்ற ஆன்டிவைரஸ்கள் பெரும்பாலும் வாய் திறக்கவில்லை. பொய் எச்சரிக்கை என்று நினைத்துப் பலர் விலக்குப் பட்டியலில் சேர்த்தார்கள். சுமார் ஒரு வாரம் கழித்து, மார்ச் 29 அன்று உண்மை வெளியே வந்தது: நிறுவனத்துக்குள்ளேயே ஊடுருவி, கையொப்பம் போடுவதற்கு முன்பே செயலியில் விஷத்தைக் கலந்திருந்தார்கள். கோப்பு வழியில் மாறவில்லை என்பதைத்தான் கையொப்பம் உறுதிசெய்யும். கிளம்பிய இடமே கெட்டிருந்தால் அதற்குத் தெரியாது.

உங்கள் கடையிலும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் பொய் எச்சரிக்கையாகவே இருக்கும். ஆனால் அதை விற்றவர் நிரூபிக்கட்டும். ஆன்டிவைரஸ் காட்டிய பெயரை அனுப்பி, இந்தப் பதிப்பின் SHA256 எண்ணை எழுத்தில் கேளுங்கள். இன்ஸ்டாலர் உங்கள் டவுன்லோடு ஃபோல்டரில் இன்னும் இருந்தால், அந்த ஃபோல்டரிலேயே பவர்ஷெல்லைத் திறந்து, setup.exe என்ற இடத்தில் உங்கள் கோப்பின் பெயரைப் போட்டு இப்படிப் பார்க்கலாம்:

```
Get-FileHash .\setup.exe -Algorithm SHA256
```

எண் ஒத்துப்போகாவிட்டால் நிறுத்திவிடுங்கள். ஒத்துப்போனாலும், ஆன்டிவைரஸ் நிறுவனத்துக்கு அனுப்பினாரா, என்ன பதில் வந்தது என்று கேளுங்கள். அதுவரை பழைய பதிப்பில் பில் போடுங்கள், கோப்பு குவாரண்டைனிலேயே இருக்கட்டும். பொய் எச்சரிக்கை என்று உறுதியானபின் அந்த ஒரு exe-யை மட்டும் எக்ஸ்க்ளூஷனில் சேருங்கள். "Allow on device" வேண்டாம். அது கோப்பை விட்டுவிட்டு அந்த வைரஸ் பெயரையே அனுமதித்துவிடக்கூடும். பிறகு அதே பெயரில் நிஜமானது வந்தாலும் உள்ளே போய்விடும். திருத்திய அப்டேட் வந்ததும் எக்ஸ்க்ளூஷனை மறக்காமல் நீக்குங்கள். டி டிரைவை எக்ஸ்க்ளூஷனில் போட்டிருந்தால் அதை இன்றைக்கே பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

ஃபோட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேரின் கிராக்கை ஆன்டிவைரஸ் பிடிக்கிறது. எல்லா கிராக்கும் அப்படித்தான் காட்டும் என்கிறார்களே? (சென்னை வாசகர்)

அப்படி நம்புகிறவர்கள் இருப்பதால்தான் திருட்டு நிரலை அதில் வைத்து அனுப்புகிறார்கள். அழித்துவிடுங்கள். ஏற்கெனவே ஓட்டியிருந்தால் வேறு கணினியில் உட்கார்ந்து மின்னஞ்சல், வங்கி பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். எல்லா இடத்திலும் லாக்அவுட் செய்துவிட்டு, அந்தக் கணினியில் விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள்.